‘வித்ட்ராயல் பெண்டிங்’

ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். இது ஒரே ஆளுக்கு நடந்தது இல்லை. இந்த வகை மோசடிகளில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களை ஒருவர் தலையில் ஏற்றிச் சொல்கிறேன். கிரிக்கெட் பந்தயத்தில் அவருக்கு 11,400 ரூபாய் விழுந்தது. வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி ஆப்பில் பொத்தானை அழுத்தினார். ‘வித்ட்ராயல் பெண்டிங்’ என்று வந்தது. மறுநாளும் அதே வரி. மூன்றாம் நாளும் அதே வரிதான்.

ஆப்பின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று சேர்த்துக் கூகுளில் தேடினார். ஒரு பத்து இலக்கக் கைப்பேசி எண் கிடைத்தது. கூப்பிட்டதும் எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒருவர் வந்தார். ஆப்பின் முத்திரைதான் அவருடைய முகப்புப் படம்.

“வணக்கம் சார். உங்க யூசர் ஐடி சொல்லுங்க.”

சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அழைப்பே வந்தது. “பார்த்துட்டேன் சார். உங்க பணம் ரெடியாத்தான் இருக்கு. பேங்க் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. ஒரு ஃபைல் அனுப்புறேன், இன்ஸ்டால் பண்ணுங்க.”

வந்த கோப்பின் பெயர் Withdrawal_Support.apk. இது பாதுகாப்பற்றதாக இருக்கலாம் என்று போன் எச்சரித்தது. “அதை விடுங்க சார், எல்லாருக்கும் அப்படித்தான் வரும்” என்றார் அவர். நம் இளைஞருக்கும் அது நியாயமாகவே பட்டது. பந்தய ஆப்பைப் போட்டபோதும் இதே எச்சரிக்கை வந்தது; தாண்டித்தான் போட்டார்; ஒன்றும் ஆகவில்லை.

புது ஆப் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. கொடுத்தார். பிறகு, கணக்கைச் சரிபார்க்க 1 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு பக்கம் திறந்தது. கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் அடித்தார். ‘சர்வர் பிஸி, 24 மணி நேரத்தில் பணம் வந்துவிடும்’ என்று வந்தது. நன்றி சொல்லிவிட்டுப் படுத்தார்.

அன்று இரவு 24,999 ரூபாய், மறுபடியும் 24,999 ரூபாய், அப்புறம் 8,500 ரூபாய். மொத்தம் 58,498. ஓடிபி மூன்று முறையும் அவருடைய போனுக்குத்தான் வந்தது. அதை முதலில் படித்தது அவரில்லை.

இந்தக் கதையில் யாரும் எந்தக் கணினியையும் உடைக்கவில்லை. உள்நாட்டில் கார்டு வழியாக இணையத்தில் பணம் எடுக்கத் திருடனுக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று கார்டு விவரம், மற்றது ஓடிபி. அந்த 1 ரூபாய்ப் பக்கம் உண்மையில் ரூபாய் எதையும் வாங்கும் பக்கமே இல்லை, அடித்த எழுத்துகளை வேறொருவருக்கு அனுப்பும் வெறும் படிவம். குறுஞ்செய்தி அனுமதி ஓடிபியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டையும் கொடுத்தவர் கணக்குக்குச் சொந்தக்காரரே.

ஏன் கொடுத்தார்? ஏமாளி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் பணம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பவர் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். பரிசு விழுந்திருக்கிறது என்று யாராவது அழைத்தால் சந்தேகப்படுகிறவர்கூட, தான் தேடிப் போய்க் கண்டுபிடித்த எண்ணைச் சந்தேகப்படுவதில்லை. போலி உதவியாளர் வேறு எங்கும் அலைவதில்லை. அந்த ‘பெண்டிங்’ என்ற வரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். பந்தய ஆப்களில் அசல் உதவியாளரும் போலி உதவியாளரும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

‘மகாதேவ்’ பந்தயச் செயலி வழக்கு பலருக்கு நினைவிருக்கும். சத்தீஸ்கரைச் சேர்ந்தவர்கள் துபாயிலிருந்து நடத்தியதாக அமலாக்கத் துறை சொன்ன வழக்கு அது. அதில் பந்தயம் கட்ட விரும்புகிறவர் விளம்பரத்தில் உள்ள எண்ணை வாட்ஸ்ஆப்பில் தொடர்புகொள்ள வேண்டும். அவருக்கு இரண்டு எண்கள் தரப்படும். ஒன்று பணம் கட்டிப் புள்ளிகள் வாங்க, மற்றது சேர்ந்த புள்ளிகளைப் பணமாக மாற்ற. பணம் போய் விழுந்த கணக்குகள் நிறுவனத்தின் பெயரில் இல்லை, யார் யாருடைய பெயரிலோ இருந்தன. 2023 நவம்பரில் மத்திய அரசு இந்தச் செயலி உட்பட 22 ஆப்களையும் தளங்களையும் முடக்கியது.

இந்த அமைப்பில் அசல் கஸ்டமர் கேர் என்பதே முகம் தெரியாத ஒரு வாட்ஸ்ஆப் எண்தான். வங்கி என்றால் கார்டின் பின்பக்கம் எண் அச்சாகியிருக்கும், தெருமுனையில் கிளை இருக்கும். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே கிடையாது. நாளைக்கு வேறொரு எண்ணிலிருந்து ‘சார், பழைய நம்பர் பிளாக் ஆயிடுச்சு, இனிமே இதுல பேசுங்க’ என்று வந்தால் அது அசலா போலியா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஆப்பைப் போடும் முறையும் அப்படித்தான். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்பை ஆண்ட்ராய்டு போனில் ஏற்ற, ‘தெரியாத ஆப்களை நிறுவ அனுமதி’ என்ற பூட்டைத் திறக்க வேண்டும். பந்தய ஆப் தரும் முதல் பாடமே அந்தப் பூட்டைத் திறப்பதுதான். பிளே புரொடெக்ட் எச்சரித்தால் அதையும் அணைத்துவிடு என்று காணொளி போட்டுக் கற்றுத் தருகிறார்கள். அடுத்து வரும் திருடனுக்கு வேலை மிச்சம். நம் ஈரோட்டு இளைஞர் எச்சரிக்கையைத் தாண்டியது அன்றைக்கு இல்லை, மூன்று மாதத்துக்கு முன்பே.

2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நாடு முழுக்கப் பெயர் தெரிந்த பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பணப் போட்டிகளை நிறுத்தின. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவை. பணம் தரவில்லை என்றால் இங்கே யார்மேல் புகார் கொடுப்பது? நிறுத்தப்பட்ட ஆப்களில் பணம் வைத்திருந்தவர்களைக் குறிவைக்கவும் இதுவே வசதி. ‘உங்கள் பழைய இருப்புத் தொகை திரும்பத் தரப்படுகிறது, கீழே உள்ள இணைப்பை அழுத்தவும்’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் நம்பத்தான் தோன்றும். அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். வங்கியும் பதிவு பெற்ற நிறுவனங்களும் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகள் பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை. எழுத்துகளால் ஆன தலைப்பில் வரும். 2025 முதல் அந்தத் தலைப்பின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது. விளம்பரம் என்றால் P, சேவை என்றால் S, பணப் பரிமாற்றம் என்றால் T, அரசு என்றால் G. சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து ‘ரீஃபண்டு’ என்று வந்தால், இணைப்பைத் தொடாமல் அழித்துவிடலாம்.

ஒழுங்கான, சட்டப்படியான நிறுவனமாக இருந்தால் பயமில்லையா? அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

டிராஃப்ட்கிங்ஸ் அங்கே பல மாநிலங்களில் உரிமம் பெற்று இயங்கும் பெரிய பந்தய நிறுவனம். 2022 நவம்பரில் அதன் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. நிறுவனத்தின் கணினிகளை யாரும் உடைத்திருக்கவில்லை. வேறு தளங்களிலிருந்து முன்பே கசிந்து, இணையச் சந்தையில் விற்கப்பட்ட மின்னஞ்சல்–பாஸ்வேர்டு பட்டியலை எடுத்து, ஒரு மென்பொருள் மூலம் இங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எங்கோ ஒரு கடைத் தளத்தில் வைத்த அதே பாஸ்வேர்டைப் பந்தய ஆப்பிலும் வைத்தவர்களின் கதவு திறந்துகொண்டது. அமெரிக்க அரசு வழக்கறிஞர்களின் கணக்குப்படி, சுமார் 60,000 கணக்குகளுக்குள் நுழைந்திருக்கிறார்கள். சுமார் 1,600 கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 6 லட்சம் டாலர் போயிருக்கிறது. செய்தவர்களில் ஒருவர் விஸ்கான்சின் மாநிலத்து 18 வயதுப் பையன். அவன் வீட்டைச் சோதித்தபோது கணினியில் சுமார் 4 கோடி பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகள் இருந்தன. பின்னர் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பணத்தை எடுத்த விதம்தான் கவனிக்க வேண்டியது. உள்ளே நுழைந்ததும் பணம் செலுத்தும் வழியாகத் திருடன் தன்னுடைய ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பான். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் வழியாக 5 டாலரை உள்ளே போடுவான். பிறகு இருக்கும் மொத்தத்தையும் அதே வழியில் வெளியே எடுப்பான். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் தன் எண்ணுக்குத் திருப்பிவிட்டதும் உண்டு. சொந்தக்காரர் தன் கணக்குக்கே வெளியாள் ஆகிவிடுவார். கேட்காத 5 டாலர் உள்ளே வந்திருக்கிறது என்ற அறிவிப்பைப் பார்த்து, ‘பரவாயில்லை, வரவுதானே’ என்று விட்டவர்கள் பாவம். நம் ஊருக்கும் இது பொருந்தும். நீங்கள் போடாத சின்னத் தொகை எந்தக் கணக்கில் வந்தாலும் போனாலும், அது ஒத்திகையாக இருக்கலாம்.

நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்பில், திருடர்கள் பார்த்திருக்கக்கூடிய விவரங்களைப் பட்டியலிட்டிருந்தது. பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கார்டின் கடைசி நான்கு இலக்கம், கணக்கில் இருந்த தொகை, முந்தைய பரிமாற்றங்கள். முழுக் கார்டு எண் இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். போலி உதவியாளருக்குத் தேவையான வசனம் முழுக்க இந்தப் பட்டியலில் இருக்கிறது. “உங்க கார்டு 4412-ல முடியுது, போன சனிக்கிழமை 2,000 போட்டிருக்கீங்க, சரியா சார்?” என்று ஒருவர் கேட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? நம்மைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருப்பது, அவர் நிறுவனத்து ஆள் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. விவரம் எங்கோ கசிந்திருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி.

இனி போலி உதவியாளரின் பேச்சைக் கொஞ்சம் கேட்போம். அதில் ஒரு பொய்க்கு நல்ல பதில் இருக்கிறது.

“சார், உங்க வின்னிங் அமௌண்ட்டுக்கு 30 பர்சண்ட் டாக்ஸ் இருக்கு. அதை முதல்ல கட்டிட்டீங்கன்னா முழுப் பணமும் ரிலீஸ் ஆகிடும்.”

முப்பது சதவீதம் என்ற எண் பொய்யில்லை. ஆன்லைன் விளையாட்டில் கிடைக்கும் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீதம் வரிப் பிடித்தம் என்று 2023 ஏப்ரல் முதல் சட்டப் பிரிவே இருக்கிறது. ஆனால் அதன் பெயரே பிடித்தம். கொடுக்க வேண்டிய பணத்திலிருந்து நிறுவனம் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். வென்றவர் தன் கையிலிருந்து முன்கூட்டிக் கட்டுவது என்ற முறையே அதில் கிடையாது. ஆகவே, பணம் வருவதற்கு முன் வரி, கட்டணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒருமுறை கட்டியவரிடம் அடுத்தது ‘தாமதக் கட்டணம்’ என்று கேட்பார்கள். யுபிஐ விஷயமும் இப்படித்தான். பணம் பெற யாரும் பின் எண்ணை அடிக்க வேண்டியதில்லை, எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. பின் அடித்தால் பணம் வெளியேதான் போகும்.

‘ஸ்கிரீனைக் காட்டுங்க, நானே செட் பண்ணித் தர்றேன்’ என்று திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்வது இன்னொரு வழி. திரை அவருக்குத் தெரியும் என்றால் அதில் மின்னும் ஓடிபியும் தெரியும். அதைவிட மோசம் ‘அக்சசிபிலிட்டி’ அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உண்டாக்கிய வசதி அது. அதைப் பெற்ற ஆப் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். பந்தய ஆப்புக்கோ உதவி ஆப்புக்கோ அது தேவைப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

கார்டு விஷயத்தில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு சுவிட்ச் இருக்கிறது. இந்தியக் கடைகளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கார்டில் இணையப் பரிமாற்றம் செய்ய ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும். 2022 அக்டோபர் முதல், கடைக்காரர் நம் முழுக் கார்டு எண்ணைத் தன் கணினியில் சேமித்து வைக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு சட்டத்துக்கு வெளியே நடக்கும் பந்தயத் தளம் இதில் எதை மதிக்கப் போகிறது? வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே கார்டிலிருந்து பணம் போய்விடும். எண்ணும் தேதியும் மூன்று இலக்கமும் இருந்தால் போதும்.

அதற்கு மருந்து உங்கள் வங்கி ஆப்பிலேயே இருக்கிறது. ‘கார்டு கட்டுப்பாடு’ என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். உள்நாட்டு இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, ஏடிஎம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும், தொகைக்கு வரம்பு வைக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே உத்தரவிட்டிருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவையுங்கள். உள்நாட்டு இணைய வரம்பை 2,000 ரூபாய்க்குக் கொண்டுவாருங்கள். பெரிதாக ஏதாவது வாங்கும் நாளில் ஒரு நிமிடம் திறந்து மூடினால் போயிற்று. நம் இளைஞர் இதைச் செய்திருந்தால், அவ்வளவு ஏமாந்த பிறகும், 58,498 ரூபாய் போயிருக்காது.

கார்டை மாற்றிக்கொள்ளலாம். ஆதாரையும் பானையும் முகத்தையும் மாற்ற முடியாது. பந்தய ஆப்கள் ‘கேஒய்சி’ என்று ஆதார் படம், பான் படம், கையில் அட்டையைப் பிடித்தபடி ஒரு செல்ஃபி, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கின்றன. பிறர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கத் துடிப்பவர்களுக்கு இந்த நான்கும் சேர்ந்த கட்டு எவ்வளவு மதிப்புள்ளது என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஆதார் ஆப்பில் கைரேகை முதலியவற்றைப் பூட்டிவைக்கலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையை வாங்கி, நாம் வாங்காத கடன் நம் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இனிமேல் எங்கே கொடுத்தாலும் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். அது போதாது என்று அடம்பிடிக்கும் பந்தய ஆப்புக்கு எதுவுமே கொடுக்க வேண்டாம்.

போய்விட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஓடிபி வெளியே போவது அத்தோடு நிற்கும். வேறொரு போனிலிருந்து கார்டின் பின்பக்கத்து எண்ணுக்கு அழைத்துக் கார்டை முடக்குங்கள். அடுத்த அழைப்பு 1930. பணம் முதலில் போன கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கிகளுக்குத் தகவல் போனால், வழியில் எங்காவது நிறுத்திவைக்க முடியும். நேரம் ஆக ஆக வாய்ப்பு கரைந்துவிடும். அதே புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்; அசிங்கமாக இருக்கிறது என்று அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த ஆப் தன் படத்தை மறைத்துக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் ஆப்களின் பட்டியலில் தேடி நீக்குங்கள். நீக்க விடவில்லை என்றால் ‘டிவைஸ் அட்மின்’ அனுமதியை முதலில் எடுக்க வேண்டும். எனக்குக் கேட்டால், படங்களைப் பத்திரப்படுத்திவிட்டுப் போனை முழுவதுமாக ரீசெட் செய்வதுதான் நிம்மதி. பாஸ்வேர்டுகளை அதற்குப் பிறகு மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட போனில் வைத்தே மாற்றினால், புதியதையும் அவனே படிப்பான்.

இழந்த பணத்தை வங்கி தருமா? ரிசர்வ் வங்கியின் 2017 விதிகளின்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் நடந்த திருட்டை, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. விவரங்களை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் இழப்பு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் இழப்பு. நம் இளைஞர் இரண்டாம் வகை. அவர் இரவே விழித்து முதல் 24,999-க்குப் பிறகு அழைத்திருந்தால், மற்ற இரண்டும் அவர் தலையில் விழுந்திருக்காது.

அழைக்கத் தயங்குகிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. மத்தியச் சட்டம் நடத்துகிறவரையும் விளம்பரம் செய்கிறவரையும் பணத்துக்கு வழி விடுகிறவரையும்தான் தண்டிக்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இந்தப் பயத்தை நம்பித்தான் திருடனே தொழில் செய்கிறான். அவன் கார்டிலிருந்து எடுத்தது தனிக் குற்றம். புகார் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். ஆனால் ‘சைபர் பிரிவில் ஆள் இருக்கிறது, 5,000 கொடுத்தால் மீட்டுத் தருகிறேன்’ என்று டெலிகிராமில் வருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். பெரும்பாலும் அவர் முதல் கும்பலின் பட்டியலை விலைக்கு வாங்கியவராக இருப்பார், சில நேரம் அதே கும்பலாகவும் இருப்பார்.

வங்கிக்கு அழைப்பதற்கு அந்தத் தயக்கம்கூட வேண்டாம். கார்டை முடக்குங்கள் என்று சொன்னால், எந்த ஆப்பில் என்ன ஆடினீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.